பள்ளிப் பதிவேடுகளில் தாய் பெயர் மட்டும் இருக்க வேண்டி விண்ணப்பம்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான்காம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கும் க. யாழினியின் அம்மா நான். அவளைத் தனியாக வளர்த்து வருகிறேன். பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் என்று என் பெயர் மட்டுமே உள்ளது. முன்னெழுத்தும் என்னுடையதுதான். நகல் இணைத்துள்ளேன்.

சேர்க்கைப் படிவத்தில் தந்தை பெயர் இடத்தில் கோடு போட்டிருந்தேன். ஆனால் இந்த ஆண்டு மதிப்பெண் அட்டையில் அங்கே "விவரம் தரவில்லை" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. தர வேண்டியதை மறைத்துவிட்டது போல அது படுகிறது. யாழினி அந்த வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டுதான் அட்டையை என்னிடம் நீட்டினாள்.

சேர்க்கைப் பதிவேடு, அடையாள அட்டை, மதிப்பெண் அட்டை எல்லாவற்றிலும் பெற்றோர் என்று என் பெயரை மட்டும் பதியுமாறு கேட்டுக்கொள்கிறேன். முக்கியமாகப் பதிவேடு, பிற்பாடு மாற்றுச் சான்றிதழ் அதைப் பார்த்துத்தானே எழுதுவீர்கள். அப்புறம், விவரம் ஏதும் தேவைப்பட்டால் வகுப்பில் அவளிடம் கேட்காமல் என்னை அழையுங்கள். எந்த நாளானாலும் நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
மு. கலைச்செல்வி