மாதம் 116 ரூபாய்

வணக்கம் அக்காமார்களே, தங்கச்சிகளே. நான் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் 14 வருடமாக மகளிர் சுயஉதவிக் குழு ஊக்குநராக இருக்கிறேன். இன்று புதன்கிழமை. நிறைய குழுக்கள் கூட்டம் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். சந்தா வசூலை ஒரு கால் மணி நேரம் தள்ளி வைத்துவிட்டு இதைக் கேளுங்கள். கையில் ஒரு பென்சிலும் பேப்பரும் இருந்தால் நல்லது. சில கணக்கு சொல்லப் போகிறேன்.

போன மாதம் எங்கள் கூட்டத்துக்கு ஒரு அக்கா பாஸ்புக்கோடு வந்தார். வெங்காய மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. "எனக்குத்தான் பென்ஷன் பிடிக்கிறார்களே, வருடா வருடம் 436 ரூபாய் போகிறது" என்று பெருமையாகக் காட்டினார். வாங்கிப் பார்த்தேன். அது பென்ஷன் இல்லை. 436 என்பது உயிர்க் காப்பீடு. பக்கத்திலேயே 20 ரூபாய் பிடித்திருந்தது, அது விபத்துக் காப்பீடு. இரண்டும் நல்ல திட்டங்கள்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றிலிருந்து 60 வயதில் உங்கள் கைக்கு மாதாமாதம் எதுவும் வராது. அந்த அக்காவுக்கு 39 வயது. ஏழு வருடமாகப் பென்ஷன் கட்டுகிறோம் என்று நம்பி நிம்மதியாக இருந்திருக்கிறார். நான் சொன்னதும் முகம் வாடிப் போய்விட்டது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருடம் உள்கடன், வங்கிக் கடன், வட்டி, தவணை என்று எல்லாம் பேசியிருக்கிறோம். நமக்கு வயதானால் என்ன செய்வது என்று ஒரு கூட்டத்தில்கூட நான் உட்கார்ந்து பேசவில்லை. அது என் தவறு. அதனால்தான் இன்றைக்கு இந்த மைக் முன்னால் வந்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது அடல் பென்ஷன் திட்டம். 2015-இல் மத்திய அரசு கொண்டுவந்தது. கூலி வேலை, ஆடு மாடு, தையல், பெட்டிக்கடை என்று பி.எஃப். எதுவும் இல்லாத நம் போன்றவர்களுக்காக வந்த திட்டம். 18 வயது முதல் 40 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். வருமான வரி கட்டுகிறவர்கள் 2022 அக்டோபரிலிருந்து சேர முடியாது. நம் குழுக்களில் அந்தக் கவலை அநேகமாக யாருக்கும் இல்லை. 60 வயது வரை மாதாமாதம் கட்ட வேண்டும். 60 முடிந்ததும் 1000, 2000, 3000, 4000, 5000 என்று நீங்கள் முதலிலேயே எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ அந்தத் தொகை, உயிரோடு இருக்கிற வரை மாதாமாதம் உங்கள் கணக்குக்கு வரும். சொன்ன தொகைக்குக் குறையாமல் தருவதற்கு அரசு பொறுப்பு.

இப்போது பென்சிலை எடுங்கள். 1000 ரூபாய் பென்ஷனுக்கு மட்டும் சொல்கிறேன், மெதுவாகவே சொல்கிறேன். 18 வயதில் சேர்ந்தால் மாதம் 42 ரூபாய். 25 வயதில் 76. 30 வயதில் 116. 35 வயதில் 181. 40 வயதில் 291. சேரும்போது என்ன தொகையோ, அதுவேதான் 60 வரைக்கும். வயது ஏற ஏற அது ஏறாது. 2000 வேண்டும் என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு, 30 வயதுக்காரருக்கு 231. 5000 வேண்டும் என்றால் அதே 30 வயதுக்கு 577.

இதில் ஒரு கணக்கை நாங்கள் கூட்டத்தில் போட்டுப் பார்த்தோம். 18 வயதுப் பெண் மாதம் 42 வீதம் 42 வருடம் கட்டினால் மொத்தம் 21,168 ரூபாய். 40 வயதுக்காரர் மாதம் 291 வீதம் 20 வருடம் கட்டினால் 69,840 ரூபாய். இருவருக்கும் கிடைக்கப்போவது ஒரே 1000 ரூபாய் பென்ஷன். சின்ன வயதில் போட்ட பணத்துக்கு வட்டிமேல் வட்டி சேர நாள் அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம். இதைக் கேட்டதும் எங்கள் குழுவில் ஒரு அம்மா எழுந்து, கல்லூரியில் படிக்கிற மகளுக்கு அப்போதே போன் போட்டார். நான் உங்களிடம் கேட்பதும் அதுதான். உங்கள் வீட்டில் 18 முடிந்த பெண் இருந்தால், அவள் பெயரில் இதைத் தொடங்கி வையுங்கள். கல்யாணம் ஆகி எந்த ஊருக்குப் போனாலும் கணக்கு அவள் பெயரில்தான் இருக்கும்.

சரி, பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். மகளிர் உரிமைத் தொகை வாங்குகிறவர்கள் நம்மில் பலர். மாதம் 1000 ரூபாய் கணக்கில் விழுகிறது. விழுந்த அன்றைக்கே முழுவதையும் எடுத்துவிடுகிறோம், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் 116 ரூபாயை அப்படியே விட்டு வைத்தால் போதும். வங்கியே பிடித்துக்கொள்ளும், நாம் வரிசையில் நிற்க வேண்டாம். மாதம் முடியாதவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ ஆறு மாதத்துக்கு ஒரு தடவையோ கட்டவும் வழி இருக்கிறது. வெங்காயம், முருங்கை எடுத்ததும் காசு பார்க்கிறவர்களுக்கு அது தோதாக இருக்கும்.

ஆனால் கணக்கில் பணம் இல்லாமல் விட்டுவிடாதீர்கள். இது நான் பட்ட பாடு. 2016-இல் 35 வயதில் நான் சேர்ந்தேன், 2000 ரூபாய் பென்ஷனுக்கு, மாதம் 362. என் மகள் பிரசவச் செலவில் மூன்று மாதம் கணக்கு காலியாகக் கிடந்தது. அபராதம் என்னவோ சின்னதுதான், தவணையில் 100 ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் கணக்கு. ஆனால் நான்காம் மாதம் ஆடு விற்ற பணம் கணக்கில் விழுந்ததும் பாக்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். குட்டிகளுக்குத் தீவனம் வாங்க வைத்திருந்த பணம் அது. அதிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இரண்டு மாதத் தவணை எப்போதும் கணக்கில் அசையாமல் கிடக்கும்.

எவ்வளவு பென்ஷன் தேர்ந்தெடுப்பது? இங்கே உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். 1000 ரூபாய் இன்றைக்கே ஒரு மாதப் பலசரக்குக்குக் காணாது. 30 வருடம் கழித்து அதன் மதிப்பு இன்னும் இறங்கியிருக்கும். அதனால் 1000 போதும் என்று நான் சொல்ல மாட்டேன். அதே சமயம் ஆசைப்பட்டு 5000 எழுதிவிட்டு ஆறே மாதத்தில் திணறுவதும் வேண்டாம். எந்தக் கெட்ட மாதத்திலும் உங்களால் கட்ட முடிகிற தொகை எதுவோ, அதை எழுதுங்கள். பிறகு வருடத்துக்கு ஒரு தடவை கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். கூட்டும்போது பழைய மாதங்களின் வித்தியாசமும் வட்டியோடு சேரும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் தனித்தனியாக ஒவ்வொரு கணக்கு தொடங்கலாம். என்னைக் கேட்டால், ஒருவர் பெயரில் பெரிதாக எழுதுவதைவிட இருவர் பெயரிலும் எழுதுவதே நல்லது.

அப்புறம், எல்லோரும் கேட்கிற கேள்வி. "நான் 60-க்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டால்?" அப்படி நடந்தால் உங்கள் கணவர் அந்தக் கணக்கைத் தொடர்ந்து கட்டலாம், அல்லது சேர்ந்த பணத்தை வாங்கிக்கொள்ளலாம். 60-க்குப் பிறகு நீங்கள் காலமானால் அதே பென்ஷன் முழுசாக அவருக்கு வரும். இருவரும் இல்லாத பிறகு, நீங்கள் வாரிசாக நியமித்தவருக்கு மொத்தத் தொகை போகும். 1000 ரூபாய் பென்ஷனுக்கு அது சுமார் 1,70,000. 5000-க்கு சுமார் எட்டரை லட்சம். நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தொகையை விட்டுப் போக முடியும்?

நடுவில் அவசரத்துக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிற வசதி இதில் கிடையாது. வேண்டவே வேண்டாம் என்று முடித்துக்கொண்டால் நீங்கள் கட்டியதும் அதற்கு உண்மையில் சேர்ந்த வருமானமும், செலவு போக, திரும்பி வரும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடக் கட்டணம் என்றால் குழுவின் உள்கடன் இருக்கிறது. அதற்காகத்தானே குழு வைத்திருக்கிறோம். பென்ஷன் பக்கம் கை போகக் கூடாது.

தொடங்குவது எளிது. உங்களுக்குச் சேமிப்புக் கணக்கு இருக்கிற வங்கிக் கிளைக்கோ தபால் நிலையத்துக்கோ போங்கள். பாஸ்புக், ஆதார், செல்போன் கொண்டுபோங்கள். கணவர் பெயர், வாரிசுப் பெயர் ஆதாரில் இருக்கிற எழுத்திலேயே இருக்கட்டும், ஒரு எழுத்து மாறினாலும் பிறகு அலைச்சல். குழுவின் வங்கிக் கணக்கில் இது முடியாது, உங்கள் சொந்தக் கணக்கு வேண்டும். ஒருவருக்கு ஒரு பென்ஷன் கணக்குதான். "அடல் பென்ஷன் படிவம்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், இல்லையென்றால் காப்பீட்டுப் படிவத்தை நீட்டிவிட வாய்ப்பு உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எந்தத் தொகைக்கு டிக் செய்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள், படிக்க வராதவர்கள் குழுவில் படித்த பெண் ஒருவரைக் கூட்டிப் போங்கள். பிறகு 12 இலக்கத்தில் ஒரு ஓய்வூதியக் கணக்கு எண் வரும். அதை பாஸ்புக் முதல் பக்கத்திலும், குழுவின் தீர்மான நோட்டிலும் எழுதி வையுங்கள். "நான் கட்டிவிடுகிறேன், காசைக் கொடு" என்று யாராவது கேட்டால் பத்துப் பைசா கொடுக்க வேண்டாம். இந்தப் பணம் கணக்கிலிருந்துதான் போகும், ஆள் கையால் போகாது.

40 தாண்டிய அக்காமார்கள் மனம் வருந்த வேண்டாம். இந்தத் திட்டத்தில் உங்களுக்கு இடம் இல்லை, அது உண்மை. ஆனால் தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து ஐந்து வருடத் தொடர் வைப்பு போடலாம். 100 வீதம் கட்டினால் ஐந்து வருடத்தில் நீங்கள் போட்டது 6000, வட்டி அதற்கு மேல். முடிந்ததும் எடுத்துச் செலவழிக்காமல் மறுபடி போடுங்கள். தேசிய ஓய்வூதியத் திட்டத்திலும் சேரலாம், ஆனால் அதில் இவ்வளவு கிடைக்கும் என்று உறுதி கிடையாது, சந்தையைப் பொறுத்தது. அரசு முதியோர் உதவித்தொகை 1200 இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். அது ஆதரவற்றவர்களுக்கு, விசாரித்துத் தருவது. நமக்குக் கட்டாயம் வரும் என்று அதை நம்பி உட்கார முடியாது.

அந்த வெங்காய மண்டி அக்காவைச் சொல்ல மறந்துவிட்டேன். 39 வயதுக்கு 1000 ரூபாய் பென்ஷனுக்கு மாதம் 264. மறுநாளே மண்டிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு என்னோடு வங்கிக்கு வந்தார். இரண்டு தவணை போயிருக்கிறது, பாஸ்புக்கில் பதிந்ததைக் கொண்டுவந்து காட்டினார். இந்த முறை நானும் எழுத்துக்கூட்டிப் படித்து, பென்ஷன்தான் என்று சொன்னேன்.

எங்கள் ஊராட்சிக் குழுக்களுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, மாரியம்மன் கோயில் திண்ணையில் நான் இருப்பேன். 38, 39 வயதுக்காரர்கள் முதலில் வாருங்கள், உங்களுக்குத்தான் நாள் குறைவு. பாஸ்புக்கை வீட்டில் மறந்துவிட்டு வராதீர்கள். வேறு ஊரில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உங்கள் ஊக்குநரிடம் இன்றைக்கே ஒரு தேதி வாங்கி, தீர்மான நோட்டில் எழுதிவிட்டுக் கூட்டத்தை முடியுங்கள். வணக்கம்.