நன்றியுரை

கண்ணாடி விரியன் கடியால் வரும் திடீர் சிறுநீரகச் செயலிழப்பு: ஆறு மாதப் பின்தொடர்வு
எம்.டி. பொது மருத்துவப் பட்டத்துக்கான ஆய்வேடு

ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்தை மட்டும் தமிழில் எழுத அனுமதி கேட்டேன். துறைத் தலைவர் உடனே சரி என்றார். நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பெரும்பாலோர் தமிழில் படிப்பவர்கள், அல்லது பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பவர்கள். இந்த ஆய்வுக்கு எல்லோரையும்விட அதிகம் கொடுத்தவர்கள் நோயாளிகள். அவர்கள் பெயரை வெளியிடக் கூடாது. அவர்கள் பெயர் இல்லாத பக்கத்தில் மற்றவர்கள் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியர்களின் பெயர்கள் சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்தோடு இருக்கின்றன. இங்கே அவரவர் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

கல்லூரி முதல்வருக்கும், மருத்துவக் கண்காணிப்பாளருக்கும், பொது மருத்துவத் துறைத் தலைவருக்கும் என் பணிவான நன்றி.

என் வழிகாட்டிப் பேராசிரியர், காலை ரவுண்ட்ஸில் கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் ராத்திரி எவ்வளவு சிறுநீர் போனது என்று கேட்பார். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறித் தெரிவதற்குள் சிறுநீரகம் அடிபட்டுப் பல மணி நேரம் ஆகியிருக்கும். கட்டிலில் தொங்கும் சிறுநீர் சேரும் பை அதை முன்கூட்டியே சொல்லிவிடும். இந்த ஆய்வின் மையக் கேள்வி அங்கிருந்துதான் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்ப்பதற்கு வெகு காலம் முன்பிருந்தே அவர் இந்த நோயாளிகளின் குறிப்புகளைத் தனி நோட்டில் எழுதி வருகிறார். அந்த நோட்டுகளை எந்தத் தயக்கமும் இல்லாமல் என்னிடம் கொடுத்தார். அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

இணை வழிகாட்டியான சிறுநீரகவியல் பேராசிரியர், டிஸ்சார்ஜோடு ஆய்வை முடிக்கக் கூடாது என்று உறுதியாக நின்றார். டயாலிசிஸிலிருந்து விடுபட்டு வீட்டுக்குப் போன எல்லோருக்கும் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை. சிலருக்கு மாதங்கள் கழித்துத்தான் பாதிப்பு புலப்படும். தலைப்பில் உள்ள ‘பின்தொடர்வு’ அவர் தந்தது.

நெறிமுறைக் குழுவினர் ஒப்புதல் முறையைத் திருத்திக் கொடுத்தார்கள். மயக்கத்திலோ ரத்தக் கசிவோடோ வருபவரிடம் அந்த நிலையில் வாங்கும் கையெழுத்துக்குப் பொருள் இல்லை, உறவினரிடம் வாங்கினாலும் நோயாளி தெளிந்த பிறகு அவரிடம் மறுபடி கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும் என்றார்கள். அப்படியே செய்தோம். அதனால்தான் இந்தத் தரவுகளை நிம்மதியாகச் சமர்ப்பிக்க முடிகிறது.

தீவிர மருத்துவப் பிரிவின் சிஸ்டர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாம்புக்கடியில் ரத்தம் உறைகிறதா என்று பார்க்க 2 மில்லி ரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். சோப்பு போட்டுக் கழுவிய குழாயோ பிளாஸ்டிக் குழாயோ கூடாது, முடிவு தவறிவிடும். இந்தச் சிறிய சோதனைக்கு ஆள் கூட்டமும் தள்ளுவண்டி இடியும் இல்லாத ஓர் இடம் வேண்டும். இரவுப் பணி சிஸ்டர்கள் மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒரு மூலையை அதற்கென ஒதுக்கினார்கள். ஒவ்வொரு குழாயிலும் பிளாஸ்டர் ஒட்டி, படுக்கை எண்ணையும் எடுத்த நேரத்தையும் பேனாவால் எழுதினார்கள். நான் வேறு வார்டில் இருந்தால், ‘டாக்டர், பதினோராம் பெட்டுக்கு நேரம் ஆச்சு’ என்று போன் வரும். ஆய்வேட்டின் அட்டவணைகளில் உள்ள ‘0 மணி’, ‘6 மணி’ என்ற பத்திகள் அவர்களுடைய உழைப்பு. கண்ணாடிக் குழாய் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொண்ட ஸ்டோர் மருந்தாளுநருக்கும், டயாலிசிஸ் டெக்னீஷியன்களுக்கும், உயிர்வேதியியல் ஆய்வகத்தாருக்கும், புள்ளியியல் ஆசிரியருக்கும் நன்றி. முதல் ஊசியைப் போட்டு, போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதி அனுப்பிய ஆரம்ப சுகாதார நிலையத்தாருக்கும், 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் தனியாக ஒரு நன்றி.

நான் நேரில் பார்க்காதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்புகளைப் பிடித்து, நஞ்செடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. இந்த ஆய்வில் உள்ள ஒவ்வொரு உயிருக்குப் பின்னாலும் அவர்களுடைய கை இருக்கிறது. மருத்துவ ஏடுகளில் அவர்களை நினைப்பது அரிது என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

நோயாளிகளில் பெரும்பாலோர் வயல் வேலைக்குப் போனவர்கள். நெல் அறுத்த தாளைக் கட்டும்போது, வரப்பில் நடக்கும்போது, மாடு கட்டப் போகும்போது கடிபட்டவர்கள். ஒவ்வொரு முறை பரிசோதனைக்கு வரும்போதும் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும். பேருந்துச் செலவை ஈடுகட்ட முடிந்தது, கூலியை முடியவில்லை. அப்படியும் வந்தார்கள். அறுவடை நாளில் கூட, விடியற்காலையில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸில் திரும்பிய அம்மா ஒருவர் உண்டு. தனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும், ‘அடுத்தவங்களுக்கு ஆகும்ல’ என்று கடைசி மாதம் வரை வந்தார்.

காப்பாற்ற முடியாமல் போனவர்களின் குடும்பத்தாரிடம் தகவல்களை ஆய்வில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பது எனக்குக் கடினமாக இருந்தது. அவர்கள் எனக்கு அதை எளிதாக்கிக் கொடுத்தார்கள். ஒருவருடைய மகன், பரிந்துரைச் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீவிக் கொடுத்தார். கடித்த நேரம், முதலில் போன இடம், அங்கிருந்து கிளம்பிய நேரம் எல்லாம் அதில் இருந்தன. ‘எங்கப்பாவுக்கு நேரம் எங்க போச்சுன்னு எழுதுங்க’ என்றார். மருத்துவமனைக்கு வந்து சேரும் தாமதம் பற்றிய நான்காம் அத்தியாயம் முதலில் இந்த ஆய்வின் திட்டத்தில் இல்லை. அவர் கேட்ட பிறகு சேர்த்தது. அந்தக் குடும்பங்களுக்கு என் வணக்கம்.

என் அப்பா விவசாயி. கேள்வித்தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, கடிபட்ட நேரத்தைக் கேட்டால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் ஏன் வயலுக்குப் போனார்கள் என்றும் கேள் என்றார். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் இரவில்தான் தண்ணீர் பாய்ச்சப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கேள்வி சேர்ந்தது. அம்மாவும் மாமியாரும் மாறி மாறி எங்கள் வீட்டில் வந்து இருந்து மகளைப் பார்த்துக்கொண்டார்கள். கணவர் தன் வேலைக்கு நடுவே வீட்டையும் பார்த்துக்கொண்டு, நான் கேட்காமலே என் இரவுப் பணி நாட்களைக் காலண்டரில் குறித்து வைத்தார். மகளுக்கு இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறது. இந்தப் பக்கத்தில் தான் எங்கே இருக்கிறாள் என்று தேடுவாள், இதோ, இங்கே.

உடன் படித்த முதுநிலை மாணவர்கள் என் டியூட்டிகளை மாற்றி எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஆய்வேடுகளுக்கு நானும் அப்படியே இருப்பேன்.

ஆய்வில் பங்கெடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: முடிவுகளின் சுருக்கம் எளிய தமிழில் சிறுநீரகவியல் வெளிநோயாளர் பிரிவில் கிடைக்கும். ஆய்வு முடிந்தாலும் உங்கள் அட்டை செல்லும். வருடத்துக்கு ஒருமுறையாவது ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதுநிலை மாணவி,
பொது மருத்துவத் துறை