வட்டக்கச்சி மதில் வேலை: விலை பற்றி ரீச்சருக்கு

வணக்கம் ரீச்சர்,

நேற்றிரவு நீங்கள் அனுப்பிய வொய்ஸ் கேட்டேன். நான் சொன்ன 9,85,000 கூடிப்போச்சு, இன்னொரு மேசன் 7,50,000க்கு முடித்துத் தாறன் என்கிறார், "தம்பி, நீரும் அதுக்குக் கிட்ட வாரும்" என்று சொல்லியிருக்கிறீர்கள். பென்சன் காசில் கட்டுகிற மதில். நீங்கள் கேட்பது ஞாயம்தான்.

இப்பவே ஒரு லட்சத்தைக் குறைத்துச் சொல்ல என்னால் முடியும். ஆனால் வேலையை அப்படியே வைத்துக்கொண்டு விலையை மட்டும் குறைத்தால், அந்த லட்சத்தைக் கம்பியிலோ சீமெந்திலோதான் பிடிக்கவேண்டி வரும். பூசி முடிந்தபிறகு அது யாருடைய கண்ணிலும் படாது. அதை நான் செய்யமாட்டேன். காசு எங்கே போகிறது என்று சொல்கிறேன், பிறகு எதை விடலாம் என்று பார்ப்போம்.

காணி பார்க்க வந்த அன்று மூன்று பக்கமும் அலவாங்கு குத்திப் பார்த்தேன். றோட்டுப் பக்கம் கிறவல், ஒன்றரை அடியிலேயே இறுகி நின்றுவிட்டது. வாய்க்கால் பக்கம் குத்தினபோது மூன்றடி வரை தடையில்லாமல் இறங்கியது. இழுத்தெடுத்தால் நுனியில் கறுப்புக் களி அப்பிக்கொண்டு வந்தது. இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிற நாளில் அந்த மண் ஊதும், தண்ணீர் நின்று வெயில் ஏறினால் பாளம் பாளமாக வெடிக்கும். வருசா வருசம் இப்படி ஏறி இறங்குகிற மண்ணில் ஒன்றரை அடி அத்திவாரத்தை வைத்துக் கல் அடுக்கினால், தூணுக்குப் பக்கத்தில் படிக்கட்டு மாதிரி வெடிப்பு ஓடும். அதனால்தான் வாய்க்கால் பக்கத்து 60 அடிக்கு மூன்றடி ஆழம் போட்டிருக்கிறேன். அதற்கு மட்டும் 70,000. அத்திவாரத்துக்கு மேல் மூன்று பக்கமும் சேர்த்து 180 அடிக்கும் நாலு 10 மில்லிமீற்றர் கம்பி வைத்து 9 அங்குலப் பீம் ஓடுகிறது. கம்பி, கொங்கிறீற், பலகை அடிப்பு, கூலி எல்லாம் சேர்த்து அது 1,55,000.

மற்ற மேசனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அவருடைய எஸ்டிமேற்றை நான் பார்க்கவும் இல்லை. அவரிடம், "பீம் சேர்த்தா விலை சொன்னீர்கள், வாய்க்கால் பக்கம் எத்தனை அடி தோண்டுவீர்கள், எத்தனை அடிக்கு ஒரு தூண், மணல் பெர்மிற்றோடு வருகிறதா" என்று கேளுங்கள். எல்லாம் சேர்த்துத்தான் 7,50,000 என்றால் அவரிடமே கொடுங்கள், எனக்கு மனவருத்தம் இல்லை.

இனி, குறைக்கக்கூடியவை. மூன்றாவது பக்கம் உங்கள் தங்கச்சியின் காணி. அங்கே இப்போதைக்கு மதில் அவசியமா என்று யோசியுங்கள். கொங்கிறீற் தூண் நட்டு முள்ளுக்கம்பி அடித்தால் மாடும் வராது, செலவில் 2,40,000 குறையும். முழுவதும் 7,45,000க்கு வந்துவிடும். அந்தப் பக்கத்தைப் பிறகு ஒருநாள் கட்டலாம், மூலைத் தூணில் கம்பியை நீட்டி விட்டுத் தருகிறேன்.

மூன்று பக்கமும் மதில்தான் வேண்டும் என்றால், உள்பக்கப் பூச்சை அடுத்த வருசத்துக்கு விடுங்கள். 66,000 குறைந்து 9,19,000 ஆகும். பார்க்க வெறுங்கல்லாக இருக்கும், பலத்துக்கு ஒரு குறையும் வராது. இரண்டையும் சேர்த்துச் செய்தால், மதில் 120 அடிதான் என்பதால் பூச்சில் 44,000 குறையும், அப்போது 7,01,000.

எனக்குச் சரியென்று படுவது முள்ளுக்கம்பி வழி. வீட்டுக்கு முன்னாலும் வாய்க்கால் பக்கமும் நல்ல மதில் நிற்கும்.

அத்திவார ஆழம், பீம், தூண் கம்பி, சீமெந்துக் கலவை இந்த நாலிலும் கைவைக்கமாட்டேன். கேற் இந்த விலையில் சேரவில்லை என்பதையும் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

காசு கொடுக்கிற முறையில் உங்களுக்கு வசதி செய்யலாம். சாமான் இறக்க 40 வீதம், பீம் முடிய 30 வீதம், கல்லுக்கட்டு முடிய மிச்சம்; ஆனால் அந்த மிச்சத்தில் 50,000ஐ நீங்களே வைத்திருங்கள். கார்த்திகை, மார்கழி மழை கழிந்து, தைப்பொங்கலுக்குப் பிறகு மதிலைச் சுற்றிப் பார்த்து, வெடிப்பு இல்லையென்றால் தாருங்கள். பீமுக்குக் கொங்கிறீற் போடுகிற அன்று காலமை வந்து கம்பியை எண்ணிப் பாருங்கள், நீங்கள் பார்க்காமல் ஊற்றமாட்டோம்.

இந்த விலை ஆவணி மாத முடிவு வரை நிற்கும். புரட்டாதிக்குள் அத்திவாரம் முடியவேண்டும், ஐப்பசி மழை விழுந்தால் வாய்க்கால் பக்கம் வெட்டின கிடங்கில் தண்ணீர் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் பரந்தனில் வேலை முடித்து வட்டக்கச்சிப் பக்கம் வருவேன். சேர் அவரும் இருந்தால் நல்லது, மூன்று பேருமாகக் காணியில் நின்று எந்தப் பக்கம் மதில், எந்தப் பக்கம் கம்பி என்று அளந்து முடிவெடுப்போம்.