பத்தாம் வகுப்பு மாணவி ஜெ. அபிஷாவுக்குத் தேர்வறையில் சில வசதிகள் கேட்டு அவளுடைய தாய் எழுதும் கடிதம்

அனுப்புநர்
ஸ்டெல்லா பாய்,
(ஜெ. அபிஷாவின் தாய்)
குலசேகரம் அஞ்சல்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
தலைமை ஆசிரியை அவர்கள்,
அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி,
கன்னியாகுமரி மாவட்டம்.

நாள்: 05.11.2025

பொருள்: பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ஜெ. அபிஷா – பீதிக் கோளாறுக்குச் சிகிச்சையில் இருப்பது – அரையாண்டு, திருப்புதல், பொதுத் தேர்வுகளில் சில வசதிகள் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். காலாண்டுக் கணக்குப் பரீட்சையன்று பாதியில் எழுந்து வெளியே ஓடிய பிள்ளையின் அம்மா நான். அப்படிச் சொன்னால்தான் உங்களுக்குச் சட்டென்று நினைவு வரும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்று கேள்வித்தாள் கொடுத்து அரை மணி நேரம் வரை அவள் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். அப்புறம் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, விரல் நுனியெல்லாம் மரத்து, மூச்சு உள்ளே போகாத மாதிரி ஆகியிருக்கிறது. இப்போதே செத்துப்போவேன் என்று தோன்றியதாம். யாரிடமும் கேட்காமல் எழுந்து வராந்தாவுக்கு ஓடி, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். அறையில் இருந்த ஆசிரியர் பிட் வைத்திருப்பாளோ என்று நினைத்து ஜாமெட்ரி பாக்ஸைச் சோதித்திருக்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. பரீட்சை நடுவில் ஒரு பிள்ளை சொல்லாமல் ஓடினால் யாருக்கும் அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும். ஆனால் கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கி அவள் திரும்பி வந்தபோது, மறுபடி உட்கார அனுமதி கிடைக்கவில்லை. வகுப்புத் தேர்வில் எண்பதுக்குக் குறையாமல் வாங்குகிறவள் அந்தத் தாளில் 17 வாங்கினாள். மார்க்கைவிட, பத்துப் பேர் பார்க்க அந்தப் பெட்டியைத் திறந்து காட்டியதுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இது அன்று புதிதாக வந்ததல்ல. ஜூன் மாதம் காலையில் பஸ்ஸில், கூட்டத்துக்கு நடுவில் நிற்கும்போது முதல் தடவை வந்தது. மாரடைப்போ என்று பயந்து தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, ரத்தத்தின் அளவு எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை, கேஸ் என்று அனுப்பினார்கள். அடுத்த தடவை வந்தபோது கண்ணேறு என்றார்கள் சொந்தக்காரர்கள். கயிறும் கட்டினோம், ஜெபமும் செய்தோம். நான் முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறவள், அவளுடைய அப்பா விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்த இரண்டு மாதத்தை வீணாக்கிவிட்டோமே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

ஆகஸ்டில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டினோம். பீதிக் கோளாறு, அதாவது பேனிக் டிஸ்ஆர்டர் என்று சொன்னார்கள். ஆபத்து எதுவும் இல்லாத நேரத்திலேயே உடம்பு ஆபத்து மணியை அடித்துவிடுகிறது. பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும். உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு தடவை வந்தவருக்கு, அடுத்தது எப்போது வருமோ என்ற பயமே பெரிய நோயாகிவிடுமாம். அபிஷா இப்போது இரவில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உளவியல் ஆலோசனைக்கும் போகிறாள். அங்கே கொடுக்கும் பயிற்சி எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வேண்டுமென்றே ஏற்றத்தில் ஓடி நெஞ்சைப் படபடக்க வைத்து, இது வெறும் இதயத்துடிப்புதான் என்று பழக வேண்டுமாம். தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் விளையின் ஏற்றத்தில் ஓடி ஏறுகிறாள். முதல் வாரம் பாதியில் அழுதுகொண்டு இறங்கினாள். இப்போது மேலே வரைக்கும் போகிறாள்.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அவளைப் பரீட்சையிலிருந்து விட்டுவிடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. பயந்து ஒதுங்க ஒதுங்க இந்த நோய் வளரும், அதனால் பரீட்சை எழுதியே ஆக வேண்டும் என்பதுதான் மருத்துவரின் கருத்தும். சுலபமான கேள்வித்தாளோ, சொல்வதை எழுத ஓர் ஆளோ அவளுக்குத் தேவையில்லை. கணக்கைப் பார்த்து அவளுக்குப் பயமும் இல்லை. நடுவில் அது வந்துவிட்டால் எழுந்திருக்க முடியாதே, எழுந்தால் திரும்ப விடமாட்டார்களே என்ற நினைப்புதான் அவளை ஆட்டிவைக்கிறது. எழுந்து போகலாம், திரும்பி வந்து எழுதலாம் என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்தால், பாதி நாள் எழுந்திருக்கவே வேண்டி வராது என்று ஆலோசகர் சொல்கிறார்.

ஆகவே டிசம்பர் அரையாண்டுத் தேர்விலிருந்தே நான் கேட்பது இவைதான். அவளுடைய இடம் கதவுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் இருக்கட்டும். முடிந்தால் நாற்பது பேர் இருக்கும் அறைக்குப் பதிலாக ஆள் குறைந்த சின்ன அறை. பயம் வரும்போது பேசிக் கேட்க அவளால் முடியாது, அந்த நேரத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் மேசையில் ஒரு மஞ்சள் அட்டை வைத்திருப்பாள். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வர அனுமதி வேண்டும். வராந்தாவில் ஓர் ஆசிரியையோ உதவியாளரோ பார்வையில் வைத்துக்கொள்ளட்டும். முறைகேடு நடக்காது என்பதற்கு அது உங்களுக்கும் நல்லது. போகும்போது தாளையும் பேனாவையும் அறையிலேயே விட்டுவிடுவாள், வேண்டுமானால் சோதித்தும் அனுப்பலாம், ஆனால் தனியாக வைத்துச் சோதியுங்கள். வெளியே இருந்த நேரத்தைக் குறித்துவைத்து, அதைக் கடைசியில் சேர்த்துத் தர வேண்டும். மருத்துவச் சான்றில் முப்பது நிமிடம் வரை என்று எழுதியிருக்கிறார்கள். லேபிள் கிழித்த தண்ணீர் பாட்டில் ஒன்றை மேசையில் வைத்துக்கொள்ளவும் அனுமதி வேண்டும்.

செய்முறைத் தேர்வைப் பற்றிக் கவலை இல்லை. ஆய்வகத்தில் நடமாடிக்கொண்டே இருப்பதால் அங்கே அவளுக்கு இதுவரை ஒன்றும் வந்ததில்லை.

பொதுத் தேர்வு வேறு கதை. அங்கே முடிவு உங்கள் கையில் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். மையம் வேறு பள்ளியாக இருக்கலாம், கண்காணிப்பாளர்கள் புது முகங்கள், நடுவில் பறக்கும் படையும் வரும். அதனால் இந்த விண்ணப்பத்தை மருத்துவச் சான்றுடன் உரிய வழியில் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு அனுப்பிவைக்கும்படி வேண்டுகிறேன். அனுமதி ஆணை கிடைத்தால் அதன் நகல் மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளரிடமும் துறை அலுவலரிடமும் இருக்க வேண்டும், முக்கியமாக அந்தந்த நாள் அறைக் கண்காணிப்பாளருக்கும் ஒரு வார்த்தை சொல்லப்பட வேண்டும். ஆணை அலுவலக அலமாரியில் இருந்து, அறையில் இருப்பவருக்குத் தெரியாமல் போனால், காலாண்டில் நடந்ததே மறுபடியும் நடக்கும். தேர்வுக்கு முதல் நாள் மையத்துக்கு அவளைக் கூட்டிப்போய் அறை, கழிப்பறை, வெளியே போகும் வழி எல்லாம் ஒருமுறை காட்ட அனுமதி வாங்கித் தந்தால் பெரிய உதவி.

சட்டம் பேசி உங்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் மேலே அனுப்பும்போது உங்களுக்குப் பிடிமானமாக இருக்கும் என்று ஆலோசகர் சொன்னதை எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதன் 16-வது பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் அந்தந்த மாணவரின் தேவைக்கு ஏற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது. 17-வது பிரிவு, தேர்வு முறையில் மாற்றம், கூடுதல் நேரம் ஆகியவற்றை வெளிப்படையாகவே சொல்கிறது. அபிஷாவிடம் நாற்பது சதவீத மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இல்லை. அந்தச் சதவீதம் இல்லாததாலேயே தேர்வில் உதவியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது எழுத்தர் உதவி கேட்டு நடந்த வழக்கு, எங்கள் கோரிக்கை அதைவிடச் சின்னது.

இனி, அது வரும்போது என்ன செய்வது. செய்ய வேண்டியது குறைவு, செய்யக் கூடாததுதான் அதிகம். சுற்றிக் கூட்டம் கூட வேண்டாம். முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டாம். பிளாஸ்டிக் கவரில் மூச்சு விடச் சொல்ல வேண்டாம், அது ஆபத்து. ‘ஒண்ணும் இல்ல, நடிக்காதே’ என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். பக்கத்தில் ஒருவர் நின்று, ‘இது இறங்கிடும் மக்கா, மெதுவா மூச்சை வெளிய விடு’ என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும். மாத்திரை எதுவும் பள்ளியில் கொடுக்க வேண்டியதில்லை. மயங்கி விழுந்தாலோ, அரை மணிக்கு மேல் அடங்காவிட்டாலோ எனக்குக் கூப்பிடுங்கள், மருத்துவமனைக்கும் கொண்டுபோங்கள். ஆலையில் வேலை நேரத்தில் போனை எடுக்க விடமாட்டார்கள். மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவருடைய எண்ணைத் தனியாக எழுதி வகுப்பாசிரியையிடம் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த நோயின் பெயர் ஆசிரியர் ஓய்வறைப் பேச்சாக ஆகிவிடக் கூடாது. தெரிய வேண்டியவர்கள் நீங்களும் வகுப்பாசிரியையும் தேர்வுப் பொறுப்பாசிரியரும் அன்றைய கண்காணிப்பாளரும்தான். ‘மூளைக்குச் சுகமில்லாத பிள்ளை’ என்று ஒரு தடவை பேர் விழுந்தால், எங்கள் ஊரில் அது கல்யாணம் வரைக்கும் கூட வரும். உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தை அபிஷா படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் கொடுக்கிறேன். ஜாமெட்ரி பாக்ஸ் விஷயத்தை எடுத்துவிடும்படி சொன்னாள், நான்தான் எடுக்கவில்லை.

நவம்பர் கடைசிக்குள் ஒரு சனிக்கிழமை நேரம் சொன்னால் அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அன்று கண்காணித்த ஆசிரியரும் இருந்தால் நல்லது. நடந்தது என்ன என்று அவளே அவரிடம் சொல்ல வேண்டும் என்கிறாள். நீங்கள் முடிவு செய்வதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் அதைத் தேர்வு நாட்களில் அவள் கையில் வைத்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஸ்டெல்லா பாய்

இணைப்பு: அரசு மருத்துவமனை மனநல மருத்துவரின் சான்று (அசல் காட்டி நகல்), ஆலோசகரின் கடிதம், ஜூன் மாதத்து ஈ.சி.ஜி. அறிக்கையின் நகல்.

பி.கு.: மஞ்சள் அட்டையை அவளே வெட்டி வைத்திருக்கிறாள். இரண்டு பக்கமும் ஒன்றும் எழுதவில்லை. வேண்டுமானால் பள்ளி முத்திரை வைத்துத் தாருங்கள்.