கவிதாவுக்கு ஒரு வாரச் சாப்பாடு (ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வைக்க)

கண்ணு, நேத்து போன்ல நீ சொன்னதையெல்லாம் வெச்சு எழுதியிருக்கேன். 13வது வாரம், ரத்தம் 10.2, காலையில எழுந்ததும் வாந்தி, வெங்காயம் வதக்குற வாசனையே ஆகலை, எட்டரைக்கு கம்பெனியில இருக்கணும். 11க்குக் கீழே இருந்தா அது ரத்தசோகைதான். ஆனா பயப்படுற அளவு இல்லை. முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்ததுல 7, 8ன்னு வந்தவங்களைத் தேத்தி அனுப்பியிருக்கோம்.

சமையல் மாப்பிள்ளை பொறுப்புன்னு முடிவாயிடுச்சு, சந்தோஷம். மாப்பிள்ளை, தாளிப்பெல்லாம் அவ குளிக்கப் போற நேரத்துல முடிச்சுடுங்க, ஜன்னலைத் திறந்து வைங்க. சூட்டுலதான் வாசனை ஏறும். ஆறின சாப்பாடு அவளுக்குத் தாங்கும்.

தினமும் மாறாதது

படுக்கைப் பக்கத்துல ஒரு டப்பாவுல பொரியும் பொட்டுக்கடலையும் இருக்கணும். கண் முழிச்சதும் எழுந்திரிக்காம ஒரு கைப்பிடி மென்னுட்டு, பதினஞ்சு நிமிஷம் அப்படியே படுத்திரு. வெறும் வயித்துல பல் தேய்க்கப் போறதுதான் பாதி வாந்திக்குக் காரணம். அப்புறம் சுக்கு மல்லித் தண்ணி அரை டம்ளர், கருப்பட்டி போட்டு.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொஞ்சமா சாப்பிடு. சாப்பிடும்போது தண்ணி ரெண்டு மடக்கு போதும், மீதியை நடுவுல குடி. வயிறு நிறைஞ்சாலும் வாந்தி, காலியானாலும் வாந்தி.

டீதான் உனக்குப் பெரிய எதிரி. கம்பெனியில பத்தரைக்கும் நாலுக்கும் டீ வரும், தெரியும். நிறுத்தச் சொல்லலை, நாளைக்கு ரெண்டு சின்ன கப் வரைக்கும் ஆகலாம். ஆனா சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் பின்னாடியும் டீ, காபி கூடாது. நாலு மணி டீயைக் குடிச்சா, நாலரைக்குப் போட்டிருக்கிறதை அஞ்சு மணிக்கு மேல தள்ளிக்கோ. கீரையிலயும் பயறுலயும் இருக்கிற இரும்பை அது உடம்புல ஒட்ட விடாது. புளிப்பு நேர்மாறு. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா கூட சேர்ந்தா அதே கீரையில இருந்து கூடுதலா ஏறும். இந்த லிஸ்ட்ல பல வேளையில ஒரு புளிப்பு இருக்கிறது அதுக்குத்தான்.

இரும்பு மாத்திரை ராத்திரி ஒன்பதரைக்கு, ஏழரைக்கே சாப்பிட்டு முடிச்சு, எலுமிச்சைத் தண்ணியோட. வயித்தைப் பிரட்டினா பாதி வாழைப்பழத்தோட போடு, பாலோட போடாதே. கால்சியம் மாத்திரை காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அப்புறம். ரெண்டையும் ஒண்ணா முழுங்கினா ஒண்ணை ஒண்ணு கெடுத்துக்கும். மலம் கறுப்பாப் போகும், அது மாத்திரையாலதான். சுகாதார நிலையத்துல கொடுத்த பெட்டகத்துல இரும்பு டானிக் இருந்தா, மாத்திரையும் டானிக்கும் சேர்த்துக் குடிக்காதே. எது வேணும்னு நர்ஸ்கிட்ட கேட்டுக்கோ.

திங்கள்

காலை ஏழரை: இட்லி 2, புதினா சட்னி. பச்சையா அரைச்சா போதும், வதக்க வேண்டாம்.
பத்தரை: ஒரு கொய்யா, வீட்டிலேயே கழுவி நறுக்கி எடுத்துப் போ.
மதியம்: அரிசிம்பருப்பு சாதம், கேரட் பொரியல், ஒரு துண்டு நெல்லிக்காய்.
நாலரை: வேகவெச்ச கொண்டைக்கடலை ஒரு கப், எலுமிச்சை பிழிஞ்சு.
ராத்திரி: எலுமிச்சை சந்தகை. உனக்குச் சின்ன வயசுல இருந்தே காய்ச்சல்ல இறங்குறது அதுதான். நாளு முழுக்க வாந்தின்னா மூணு வேளையும் சந்தகையே சாப்பிடு, ஒண்ணும் ஆயிடாது.

செவ்வாய்

காலை: கம்பு தோசை 2, தக்காளிச் சட்னி. கம்புல இரும்பு கேழ்வரகை விட அதிகம். கேழ்வரகுல கால்சியம்தான் பெரிசு. எல்லாரும் மாத்திச் சொல்லுவாங்க.
பத்தரை: ஆரஞ்சு.
மதியம்: முருங்கைக்கீரை பாசிப்பருப்புக் கடைசல், சாதம். இறக்கினதும் எலுமிச்சை அரை மூடி. மாப்பிள்ளை, கீரையை மூணு தண்ணியில அலசுங்க. மண்ணு ஒட்டியிருந்தா அதுல இருக்கிற கிருமி கர்ப்பத்துல ஆபத்து.
நாலரை: வேர்க்கடலையும் வெல்லமும், சின்ன உருண்டை ரெண்டு.
ராத்திரி: இட்லி, மல்லிச் சட்னி.

புதன்

காலை: ரவை உப்புமா, வாசனை ஆகலைன்னா ரெண்டு ரஸ்க்கும் ஒரு வாழைப்பழமும்.
மதியம்: சாதம், மத்தி மீன் குழம்பு. மீனை ராத்திரியே சுத்தம் பண்ணி ஃப்ரிட்ஜ்ல வெச்சு, காலையில நீ கிளம்பினப்புறம் மாப்பிள்ளை குழம்பு வெச்சு, மதியம் கொண்டாந்து கொடுக்கட்டும். மத்தி, நெத்திலி, சங்கரா இதெல்லாம் சாப்பிடலாம். சுறாவும் வஞ்சிரமும் வேண்டாம். பெரிய மீன் சின்ன மீனைத் தின்னு தின்னு பாதரசத்தைச் சேர்த்து வெச்சிருக்கும், அது பிள்ளையோட மூளைக்கு ஆகாது. மீன் வாடையே ஆகலைன்னா இந்த வாரம் விட்டுடு, முழுசா வெந்த முட்டை ஒண்ணு போதும்.
நாலரை: கெட்டித் தயிர் ஒரு கிண்ணம்.
ராத்திரி: ரசம் சாதம்.

வியாழன்

காலை: இடியாப்பம், தேங்காய்ப்பால் கொஞ்சமா.
மதியம்: கொள்ளு ரசம், கொள்ளுப் பருப்பு, சாதம். உங்க மாமியார் "கொள்ளு சூடு, வயித்துப் பிள்ளைக்காரி தின்னலாமா?"ன்னு கேப்பாங்க. வாரம் ஒரு நாள் சாப்பாட்டு அளவுல ஒண்ணும் பண்ணாது. நம்ம பக்கத்துல இத்தனை தலைமுறையும் அதைச் சாப்பிட்டுத்தான் பிள்ளை பெத்துச்சு. பயறுகள்ல இரும்பு அதிகம் இருக்கிற ஒண்ணு அது. அவங்க ரொம்ப மனசு சங்கடப்பட்டா தட்டைப்பயறு போடு, சண்டை வேண்டாம்.
நாலரை: வேகவெச்ச பாசிப்பயறு. முளைகட்டினதாவே இருந்தாலும் பச்சையாத் தின்னாதே, ஆவியில வேகட்டும்.
ராத்திரி: கோதுமை தோசை, தக்காளித் தொக்கு.

வெள்ளி

சைவம். காலை இட்லி, மதியம் சாம்பார் சாதமும் அவரைக்காய்ப் பொரியலும், நாலரைக்கு சத்துமாவு உருண்டை, ராத்திரி தயிர் சாதம். தயிர் சாதம் அன்னன்னைக்குப் பிசைஞ்சதா இருக்கட்டும். பழைய சோத்து மேல உனக்கு ஆசைன்னு தெரியும், ராத்திரி முழுக்க வெளிய கிடந்த சோறு இந்த ஒன்பது மாசம் வேண்டாம். புதுசா வடிச்ச சாதத்துல மோர் ஊத்தி, ஃப்ரிட்ஜ்ல வெச்சுக் குளிர்ந்ததும் குடி. முக்கால்வாசி அதே ருசி.

சனி

காலை: கம்பு தோசை. மதியம்: தக்காளி சாதம், வெந்த முட்டை, வெள்ளரிக்காய். ராத்திரி: சந்தகை.

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் எல்லாரும் சேர்ந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போறதுதானே வழக்கம்? பானிபூரித் தண்ணி, ஐஸ் போட்ட கரும்புச்சாறு, தள்ளுவண்டியில நறுக்கி வெச்ச பழம், மயோனைஸ் தடவின ஷவர்மா, ஆஃப்பாயில் எதுவும் வேண்டாம். கிரில் கோழி வெளியில கருகி உள்ளே சிவப்பா இருக்கும். போகாதேன்னு சொல்லலை. கண்ணு முன்னாடி எண்ணெயில போட்டு எடுக்கிற சூடான பஜ்ஜி ரெண்டு, சட்னி இல்லாம. தோலோட வாங்குற வாழைப்பழம், ஆரஞ்சு. அவ்வளவு போதும்.

ஞாயிறு

காலை: இட்லி, கொத்தமல்லிச் சட்னி. பதினோரு மணிக்கு எலுமிச்சைச் சாறு.
மதியம்: ஆட்டுக்கறி குழம்பு, குக்கர்ல நல்லா வேகட்டும், நடுவுல சிவப்பு தெரியக்கூடாது. கறியில இருக்கிற இரும்பு கீரையில இருக்கிறதை விட லேசா உடம்புல சேரும். அதனால வாசனை ஒத்துக்குற வரைக்கும் நாலு துண்டாவது சாப்பிடு. சுவரொட்டி கிடைச்சா கறிக்குப் பதிலா நல்லா வறுத்துச் சாப்பிடலாம். ஈரல் வேண்டாம். ரத்தத்துக்கு நல்லதுன்னு யாராவது கொண்டாந்து கொடுப்பாங்க, ஆனா அதுல வைட்டமின் ஏ அளவு மீறி இருக்கு, வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆகாது. வாங்கிட்டு மாப்பிள்ளைக்குப் போட்டுடு.
ராத்திரி: ரசம் சாதம், வறுத்த அப்பளம்.

சாயந்திரம் அடுத்த வாரத்துக்குக் கீரை ஆய்ஞ்சு, கொண்டைக்கடலை ஊறப்போட்டு, கம்பு மாவு அரைச்சு வைங்க. சமைச்சு முடிச்ச ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆற வெச்சு ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும், எடுத்தா ஆவி பறக்கச் சூடு பண்ணணும். பண்ணினப்புறம் ஆற வெச்சுச் சாப்பிடு, அது வேற விஷயம். டிபன் பாக்ஸ்ல மிச்சம் இருந்தா நாலரைக்குத் தின்னாதே, கொட்டிடு.

ஊர்ல கேட்கப் போற சில பேச்சு

பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பா இருக்கிறதால ரத்தம் ஊறும்னு தினமும் ஜூஸ் போடச் சொல்லுவாங்க. ரெண்டுலயும் இரும்பு 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் கூடக் கிடையாது. பிடிச்சா சாப்பிடு, மருந்துன்னு நினைக்காதே. பப்பாளிக்காய் கூடாது. பழுத்தது கெடுதல் பண்ணாது, ஆனாலும் வீட்டுல ஒருத்தர் பதறுவாங்கன்னா அதுக்குப் பதிலா கொய்யா தின்னுட்டுப் போ. குங்குமப்பூ போட்ட பால்ல பிள்ளை சிவப்பாப் பிறக்காது. பாக்கெட் பாலோ கறந்த பாலோ பொங்கக் காய்ச்சி மட்டும் குடி. நாட்டு மருந்துக் கடையில இருந்து பெயர் தெரியாத எந்தப் பொடியையும் வாங்காதே.

ஒரு நாள் முழுக்கத் தண்ணி கூட உள்ளே தங்கலைன்னா, மூத்திரம் காப்பி மாதிரி வந்தா, எழுந்தா தலை சுத்தினா, வயித்து வலியோ ரத்தக்கசிவோ இருந்தா லிஸ்டைப் பார்த்துக்கிட்டு உக்காராதே, அன்னைக்கே ஆஸ்பத்திரி. ராத்திரின்னா 108. என்னை அப்புறம் கூப்பிட்டாப் போதும்.

நாலு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லி எழுதியிருப்பாங்க. ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, அதுக்கேத்த மாதிரி மறு லிஸ்ட் எழுதித் தர்றேன். கம்பு தீர்ந்துட்டா நம்ம தோட்டத்துக் கம்பு ரெண்டு படி வெச்சிருக்கேன், வியாழக்கிழமை பஸ்ல வர்ற உங்க மாமாகிட்ட கொடுத்தனுப்புறேன்.

சித்தி