மெதுவா வாங்க தாத்தா

முன் பக்கம்

தாத்தா
மெதுவா வாங்க
ஆனா கட்டாயம் வாங்க

உள்ளே, இடது பக்கம்: படத்தில் அம்புக்குறி போட்டு எழுதியிருப்பவை

இது தாத்தா
இது தாத்தா எழும்பு
இது கம்பி
மூனு பந்து
சொட்டு சொட்டு
பூனை அம்மா. குட்டி 1, 2, 3
இது நான். பல் இல்லை

உள்ளே, வலது பக்கம்

அன்புள்ள தாத்தா,

நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள். முன் பக்கத்தில் இருப்பதும் படத்தில் இருப்பதும் நானே எழுதியது. எனக்கு இன்னும் வேகமாக எழுத வராது, சொல்வதற்கு நிறைய இருக்கிறது, அதனால்தான் அம்மா. நான் சொல்வதை மாற்றக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டார்களாம். நான் வாசல் வரைக்கும் வந்தேன் தாத்தா, உங்களுக்குத் தெரியுமா? உள்ளே படுத்திருக்கிறவர்களுக்குச் சளி, காய்ச்சல் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று அங்கே இருந்த மாமா சொன்னார். எனக்குச் சளி இல்லை. மூக்கைக்கூடக் காட்டினேன். அப்பவும் விடவில்லை. சரி, இந்த அட்டைக்குச் சளி பிடிக்காது, இது உள்ளே வரட்டும் என்று அப்பா சொன்னார்.

இப்போது படத்தைப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

கட்டிலில் படுத்திருப்பது நீங்கள். உங்கள் தலைமுடி வெள்ளை, தாளும் வெள்ளை. வெள்ளை கிரையானால் நன்றாக அழுத்தித் தேய்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் பாட்டி ஒரு வழி சொன்னாள். முடி இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு, பின்னால் சுவரை நீலமாக அடிக்கச் சொன்னாள். அடித்ததும் முடி தானாக வந்துவிட்டது! நீல கிரையான் பாதி தீர்ந்துவிட்டது. பரவாயில்லை. உங்கள் கைகள் போர்வைக்குள் இருக்கின்றன. எனக்கு விரல் வரைய வராது, அதனால் போர்வை போட்டுவிட்டேன்.

கால் மட்டும் போர்வைக்கு வெளியே இருக்கிறது, ஏனென்றால் எலும்பு தெரிய வேண்டும். அதற்குப் பக்கத்தில் நான் ‘எழும்பு’ என்று எழுதியிருக்கிறேன். அம்மா திருத்தப் போனாள். சின்ன ‘லு’ போட வேண்டுமாம், ‘எழும்பு’ என்றால் எழுந்திரு என்று அர்த்தமாம். அதுவும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதுதானே? அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மேலே தொங்குகிற பாட்டிலில் இருந்து சொட்டு சொட்டாக மருந்து வருகிறது. பதினோரு சொட்டு போட்டிருக்கிறேன், எண்ணிப் பாருங்கள். உங்கள் கையில் எப்போதும் ஊசி குத்திக்கொண்டே இருக்கிறது என்று நினைத்து ஒரு நாள் எனக்குத் தூக்கமே வரவில்லை. ஊசியை அப்போதே எடுத்துவிடுவார்களாம், உள்ளே இருப்பது மெத்தென்ற சின்னக் குழாய்தானாம். அம்மா சொன்ன பிறகு தூங்கினேன்.

மூன்று பந்தும் நீங்கள் மூச்சு இழுக்கிற அந்தப் பெட்டி. அதை ஊதக் கூடாதாமே, உறிஞ்ச வேண்டுமாமே? படுத்தே இருந்தால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும், அதற்காகத்தான் அது என்று அப்பா சொன்னார். உங்களுக்கு இரண்டு பந்துதான் மேலே போகிறது என்று பாட்டி சொன்னாள். படத்தில் நான் மூன்றையும் மேலே போட்டிருக்கிறேன். வீட்டில் நானும் பழகுகிறேன். குழாய் நுனியில் ஒரு காகிதத் துண்டை வைத்து, மூச்சை உள்ளே இழுத்தபடியே விழாமல் பிடிக்க வேண்டும். ஏழு எண்ணும் வரை பிடித்தேன். தம்பி அதைக் கடித்துவிட்டான்.

கட்டிலுக்குக் கீழே வட்டமாக ஐந்து முகம் இருக்கிறதே, அது யாரும் இல்லை. வலிக்கான முகங்கள். நர்ஸ் அக்கா வந்து, “வலி எப்படி இருக்கு?” என்று கேட்டால் நீங்கள் எப்போதும், “ஒண்ணுமில்லம்மா” என்று சொல்கிறீர்களாம். ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தீர்கள் என்று பாட்டி போனில் மெதுவாகச் சொன்னாள். எனக்குக் கேட்டுவிட்டது. எனக்கு ஊசி போட்டபோது, “வலிச்சா வலிக்குதுன்னு சொல்லலாம், அழலாம், தப்பில்லை” என்று சொன்னது நீங்கள்தானே தாத்தா? நர்ஸ் அக்கா கேட்டால் ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டுங்கள், போதும். முதல் முகம் சிரிக்கிறது. கடைசி முகத்துக்குக் கண்ணீர் இருக்கிறது. கடைசி முகத்தைத் தொட்டாலும் யாரும் திட்ட மாட்டார்கள்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அம்மா, இதை அப்படியே எழுது.

எல்லாரும் அட்டையில் ‘சீக்கிரம் குணமாகுங்கள்’ என்றுதான் எழுத வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சரும் அதைத்தான் பலகையில் எழுதிக் காட்டினார். நான் எழுதவில்லை. அன்றைக்குப் பூனை குட்டி போட்டிருப்பதைப் பார்த்ததும் நான்தான், “தாத்தா, சீக்கிரம் வாங்க! சீக்கிரம் வாங்க!” என்று கத்தினேன். நீங்கள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வந்தீர்கள். படி ஈரமாக இருந்தது. அப்புறம்தான் விழுந்தீர்கள். நான் சீக்கிரம் என்று சொல்லாமல் இருந்தால் நீங்கள் மெதுவாக வந்திருப்பீர்கள். அதனால் அந்த வார்த்தையை இனிமேல் உங்களிடம் சொல்ல மாட்டேன்.

அம்மா இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். என்னால் இல்லை என்கிறாள். படியில் தண்ணீர் இருந்ததும் செருப்பு தேய்ந்திருந்ததும்தான் காரணமாம். அப்பா அந்தச் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டார். படியில் சொரசொரப்பாக ஒன்று ஒட்டியிருக்கிறார், நான் ஏறிப் பார்த்தேன், வழுக்கவில்லை. சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்தாயிற்று. அது எனக்கு எட்டுகிறது, உங்களுக்குக் கட்டாயம் எட்டும்.

எலும்பு எப்படி ஒட்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். டாக்டர் அம்மாவுக்குத் தாளில் வரைந்து காட்டினாராம். உடைந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டிக்கொள்ளும். அப்புறம் காது மடல் மாதிரி வளைகிற மெத்தென்ற ஒன்று அங்கே வளரும். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகி எலும்பாகிவிடும். உங்கள் காலுக்குள் வைத்திருக்கிற கம்பியும் திருகும் அதுவரைக்கும் ஆடாமல் பிடித்துக்கொள்ளத்தான், ஒட்டுவது எலும்பேதானாம்! அதற்கு மாதக் கணக்கில் ஆகும் என்றாள். உடம்பிலேயே நீளமான எலும்பு தொடை எலும்புதான், அதுதான் உங்களுக்கு உடைந்திருக்கிறது. பெரியவர்களுக்கு 206 எலும்பு. எனக்கு அதைவிட அதிகம், வளர வளர சிலது ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும் என்று அப்பா சொன்னார். உங்களுக்குக் கொடுக்க முடிந்தால் ஒன்று கொடுத்துவிடுவேன்.

எனக்குக் கீழ்ப்பல் விழுந்துவிட்டது. படத்தில் நான் சிரிக்கிற இடத்தில் கறுப்பாக ஒரு சதுரம் இருக்கிறதே, அதுதான். புதுப் பல் வந்துவிட்டதா என்று நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். போன மாதம் முதல் பல் விழுந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? “நாக்க வச்சு நோண்டாத. அது பாட்டுக்கு உள்ள வேலை பாத்துட்டு இருக்கு.” அந்தப் பல் இப்போது அரிசி முனை மாதிரி எட்டிப் பார்க்கிறது. உங்கள் எலும்பும் உள்ளே வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கும். நீங்களும் நோண்டாதீர்கள். தனியாக எழுந்து நடந்து பார்க்கக் கூடாது. நேற்று வாக்கரைப் பிடித்து நாலு அடி நடந்தீர்களாமே! பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் நடங்கள்.

பூனைக்குட்டிகளைப் பற்றிச் சொல்கிறேன். மாடிப்படிக்குக் கீழே பழைய அட்டைப் பெட்டியில்தான் இன்னும் இருக்கின்றன. இன்றைக்கு ஒன்பதாவது நாள். மூன்றும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தன. காலையில் பார்த்தால் கறுப்புக் குட்டி ஒரு கண்ணைத் திறந்திருக்கிறது, ஒன்றே ஒன்று. பென்சிலால் கோடு போட்ட மாதிரி கொஞ்சமாகத்தான் திறந்திருக்கிறது, உள்ளே நீலமாகத் தெரிந்தது. நான் தொடவில்லை. கத்தவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் பெயர் வைக்கவில்லை. நீங்கள் வந்துதான் வைக்க வேண்டும், அதுவரைக்கும் 1, 2, 3.

உங்கள் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. தம்பி ஒரு தடவை ஏறினான், இறக்கிவிட்டேன். செய்தித்தாளை எல்லாம் தேதி வாரியாக அதன் மேல் அடுக்கி வைத்திருக்கிறேன். குறுக்கெழுத்தில் யாரையும் எழுத விடவில்லை.

மெதுவா வாங்க தாத்தா. நான் காத்துக்கொண்டு இருக்கிறேன்.

உங்கள் குட்டிம்மா
வயது 6

பின் பக்கம், நீல மையில்

அப்பா,

குட்டிம்மா தூங்கிவிட்டாள், அதனால் இந்தப் பக்கம் மட்டும் என்னுடையது.

‘சீக்கிரம்’ என்று சொன்னதை ஒன்பது நாளாக மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது. சரியாகச் சாப்பிடாமல் இருந்ததை உங்களைக் காணாத ஏக்கம் என்றுதான் நினைத்தேன். நான் எத்தனை சொன்னாலும் தலையை ஆட்டுகிறாளே தவிர, நம்பினாளா என்று தெரியவில்லை. நீங்கள் சொன்னால் நம்புவாள். நாளை சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா உங்களிடம் வரும்போது போன் போட்டுத் தரச் சொல்கிறேன். எலும்பு, கம்பி எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் இதைச் சொல்லிவிடுங்கள் அப்பா.

உங்கள் படிக்கிற கண்ணாடியை இந்த அட்டையோடு சேர்த்து அனுப்புகிறேன். வலி இருந்தால் அந்த முகத்தைத் தொட்டுக் காட்டுங்கள், எங்களுக்காக.