சூரைச்செடியின் கீழ் ஒரு தீர்க்கதரிசி: காலை தியானம்

(தொடக்க இசை பத்து விநாடிகள், பின்பு மெல்லக் குறைகிறது)

கிறிஸ்துவுக்குள் அன்பான நேயர்களே, இயேசுவின் இனிய நாமத்தில் உங்கள் அனைவருக்கும் காலை வாழ்த்துகள். இன்றைய தியானத்திற்கான வேதவசனம் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம், 7-ஆம் வசனத்தில் உள்ளது: "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்."

(சிறு இடைவெளி)

இந்த வார்த்தையைக் கேட்ட எலியா சாதாரண மனிதர் அல்ல. முந்தைய அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு முன்பாக அவர் தனி ஆளாக நின்று ஜெபித்தார். வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. ஆனால் யேசபேல் அனுப்பிய ஒரே ஒரு மிரட்டல் செய்தி அவரைப் பெயெர்செபா வரைக்கும் ஓட வைத்தது. அங்கே தம் வேலைக்காரனையும் விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவை வேண்டிக்கொண்டு, அப்படியே படுத்துத் தூங்கிவிட்டார்.

இப்படிப்பட்டவரிடம் நாமாக இருந்தால் என்ன பேசியிருப்போம்? "இவ்வளவு அற்புதங்களைக் கண்ட நீரா பயப்படுகிறீர்?" என்று கேட்டிருப்போம், அல்லது விசுவாசத்தைக் குறித்து ஒரு பிரசங்கமே செய்திருப்போம். சபைகளில் நாம் அதைத்தான் அடிக்கடி செய்கிறோம். தேவதூதனோ அவரைத் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்று மட்டும் சொன்னான். தலைமாட்டில் தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. புசித்துக் குடித்த எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்காகவும் அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. தூதன் இரண்டாம் முறையும் வந்து, மறுபடியும் சாப்பிடச் சொன்னான்.

"எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று கர்த்தர் கேட்டது உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வி, அந்தப் போஜனத்தின் பலத்தினால் அவர் இரவும் பகலும் 40 நாள் நடந்து, ஓரேப் என்னும் தேவபர்வதத்திற்கு வந்து, ஒரு கெபியில் தங்கிய பிறகே வந்தது. களைத்துப்போனவனிடம் முதலில் கணக்குக் கேட்காத தேவன் அவர்.

"போதும்" என்ற ஒரே சொல்லைத் தவிர வேறு ஜெபம் வராத நிலையில் இந்தக் காலையில் எழுந்திருக்கும் நேயர் ஒருவர் இருக்கலாம். நோயாளியின் அருகே இரவெல்லாம் விழித்திருந்தவராகவும் இருக்கலாம். அன்பானவரே, எலியா கேட்ட சாவைக் கர்த்தர் கொடுக்கவில்லை. அவர் கேட்காத அப்பத்தைக் கொடுத்தார். முதலில் சாப்பிடுங்கள், சற்று இளைப்பாறுங்கள். உங்கள் பாரத்தை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள்.

(இசை மெலிதாகத் தொடங்குகிறது)

ஜெபிப்போம். எங்கள் பரம பிதாவே, எங்கள் பெலவீனத்தை அறிந்தவர் நீரே. சோர்ந்திருக்கிற உம் பிள்ளைகளுக்கு இன்றைக்கு வேண்டிய ஆகாரத்தையும், உறக்கத்தையும், அருகில் வந்து தட்டியெழுப்பும் ஒரு கையையும் தாரும். மற்றவர்களின் களைப்பைக் காணும்போது, பேசுவதற்கு முன் பரிமாறும் மனதை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.

(இசை உயர்ந்து முடிகிறது)